பழைய கிராஜுவிட்டிக் கடனும் புது ஆண்டு பட்ஜெட்டும்

வாசகர் கடிதம்

ஐயா, வணக்கம். காரைக்குடியில் அப்பச்சி தொடங்கிய பலகாரக் கம்பெனியை இப்போது நான் நடத்துகிறேன். பிரைவேட் லிமிடெட். வேலை செய்பவர்கள் 16 பேர். கணக்குப்பிள்ளைக்கு ரூ.26,000, விற்பனை பார்ப்பவருக்கு ரூ.24,000, மேற்பார்வையாளருக்கு ரூ.22,000, அடுப்படியிலும் பேக்கிங்கிலும் இருக்கும் 13 பேருக்குத் தலா ரூ.14,000. எல்லோருக்கும் ஒரே தொகையாகத்தான் சம்பளம். வருகிற மார்ச்சில் கணக்குப்பிள்ளைக்கு 14 வருடம் முடியும், மேற்பார்வையாளருக்கு 9, விற்பனையாளருக்கு 6. மற்ற 13 பேரில் ஆறு பேருக்கு 10 வருடம், நான்கு பேருக்கு 4, மூவருக்கு 1. கணக்குப்பிள்ளை வருகிற டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். இதுவரை கிராஜுவிட்டிக்கென்று எதுவும் எடுத்து வைக்கவில்லை. சம்பளத்தில் 4.81 சதவீதம் ஒதுக்கினால் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சம்பளத்தைப் பிரித்து பேசிக்கை 30 சதவீதமாக வைத்தால் இன்னும் குறையுமாமே? இ.எஸ்.ஐ.க்குப் பதில் எல்லோருக்கும் நல்ல தனியார் ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கிறோம், லீவுப் பணம் அதிலேயே அடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஏப்ரலிலிருந்து 8 சதவீதம் சம்பள உயர்வு உண்டு. பட்ஜெட்டில் எவ்வளவு போடவேண்டும்?

— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்

வணக்கம். ஆட்களின் சம்பளத்தையும் சர்வீஸையும் தனித்தனியாக எழுதியது நல்லதாயிற்று. அந்த விவரம் இருந்தால்தான் உங்கள் கேள்விக்குத் தொகையாகப் பதில் சொல்ல முடியும். கிராஜுவிட்டியில்தான் பெரும்பணம் இருக்கிறது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

4.81 சதவீதம் ஏன் போதாது

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கிராஜுவிட்டி கட்டாயம். பிறகு ஆள் எண்ணிக்கை பத்துக்குக் கீழே இறங்கினாலும் பொறுப்பு விலகாது. கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கவேண்டும். ரூ.14,000 வாங்குபவருக்கு ஓர் ஆண்டுக்கு ரூ.8,077 வரும். 15-ஐ 26-ஆலும் பிறகு 12-ஆலும் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த 4.81 சதவீதம். கணக்கில் பிழையில்லை, ஆனால் அது இந்த ஓர் ஆண்டு வேலைக்கு மட்டுமான தொகை.

சூத்திரத்தில் ‘கடைசியாக வாங்கிய’ என்று இருப்பதைக் கவனியுங்கள். பத்து வருடம் முன்பு ஏழாயிரம் வாங்கியவருக்கும் அந்தப் பழைய ஆண்டுக்கான கிராஜுவிட்டி இன்றைய பதினாலாயிரத்தின் கணக்கில்தான் போகும். நீங்கள் சம்பளத்தை உயர்த்தும் ஒவ்வொரு முறையும், கடந்துபோன எல்லா ஆண்டுகளின் கடனும் அதே விகிதத்தில் உயர்கிறது. இந்த உயர்வு 4.81-க்குள் வராது.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். வருகிற மார்ச் 31 அன்று எல்லோரும் ஒருசேர விலகுவதாக வைத்துக்கொண்டால், கணக்குப்பிள்ளைக்கு ரூ.2,10,000, மேற்பார்வையாளருக்கு ரூ.1,14,231, விற்பனையாளருக்கு ரூ.83,077. மீதிப் பதின்மூன்று பேரின் சர்வீஸைக் கூட்டினால் 79 ஆண்டுகள், அதற்கு ரூ.6,38,077. ஆக மொத்தம் ரூ.10,45,385. உங்கள் ஐந்தொகையில் இன்றுவரை ஏறாமல் இருக்கும் கடன் இது.

அடுத்த ஆண்டு யாரும் விலகாமல், எல்லோருக்கும் 8 சதவீதம் உயர்ந்தால் இந்தக் கடன் ரூ.12,87,277 ஆகிவிடும். ஒரே ஆண்டில் ஏறியது ரூ.2,41,892. 4.81 சதவீதப்படி ஒதுக்கியிருந்தால் உங்கள் கையில் இருப்பது ரூ.1,58,262தான். குறைகிற ரூ.83,630 எங்கிருந்து வந்தது என்றால், பழைய பத்தரை லட்சத்தின் மேல் ஏறிய 8 சதவீதம்தான் அது. ஆட்கள் நிலைத்து நிற்கும் கம்பெனியில் இந்தக் குறை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகும். அதனால் சதவீதத்தை விட்டுவிடுங்கள். ஆண்டு இறுதிக் கடனிலிருந்து ஆண்டுத் தொடக்கக் கடனைக் கழித்து, நடுவில் யாருக்காவது கொடுத்திருந்தால் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். வருவதுதான் அந்த ஆண்டின் செலவு. ஐம்பது பேருக்குக் குறைவாக உள்ள சிறு கம்பெனிக்கு ஆக்சுவரி என்ற காப்பீட்டுக் கணக்கு நிபுணரை வைத்து மதிப்பீடு வாங்கவேண்டிய கட்டாயமில்லை. எல்லோருக்கும் ஆண்டு இறுதியில் கொடுப்பதாக வைத்துப் போடும் இந்தக் கணக்கைக் கணக்கியல் தரம் 15 ஏற்றுக்கொள்கிறது.

ஐந்து வருடம் ஆகாதவர்களை விட்டுவிடலாமே என்று தோன்றும். விடாதீர்கள். உங்கள் நான்கு வருட ஆட்கள் நால்வரும் ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்துவிட்டாலே தகுதி வந்துவிடும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு வருடமே ஆனவர் இறந்துவிட்டாலோ, வேலை செய்ய முடியாதபடி ஊனமடைந்தாலோ ஐந்து வருடக் கணக்கே பார்க்கப்படாது. குறித்த கால ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தால் கிராஜுவிட்டி இல்லை என்ற நம்பிக்கைக்கும் இப்போது இடமில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி அவர்களுக்கு ஓராண்டு முடிந்தாலே உரிமை உண்டு.

பேசிக்கைக் குறைக்கும் யோசனை

அதே சட்டத் தொகுப்புதான் இந்த வழியையும் அடைத்துவிட்டது. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிகையான பகுதி சம்பளமாகவே கருதப்படும். கணக்குப்பிள்ளையின் 26,000-ல் பேசிக் 7,800, படிகள் 18,200 என்று பிரித்தால், பாதியான 13,000-ஐத் தாண்டிய 5,200 ரூபாய் பேசிக்கோடு போய்ச் சேரும். ஆக 13,000-க்குக் கீழே போகவே முடியாது.

பாதிவரையாவது குறைக்கலாமே என்றால், அதையும் செய்யவேண்டாம் என்பேன். ஏற்கெனவே 14 வருடம் முழுச் சம்பளமாக வாங்கியவருக்கு, ஓய்வுக்கு ஒன்பது மாதம் முன்பு சீட்டை மாற்றி எழுதிக் கிராஜுவிட்டியைப் பாதியாக்கினால், அவர் தொழிலாளர் துறைக்கு மனுப் போட்டால் உங்களிடம் சொல்வதற்கு நியாயம் இருக்காது. அடுப்படி ஆட்களுக்குப் பேசிக்கும் அகவிலைப்படியும் சேர்ந்து குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகவும் கூடாது.

டிசம்பரில் கையிலிருந்து போகும் பணம்

ஆறு மாதத்தைத் தாண்டினால் அது முழு ஆண்டு. கணக்குப்பிள்ளைக்கு டிசம்பரில் 14 வருடம் 9 மாதம் ஆகியிருக்கும், 15 என்று எடுக்கவேண்டும். உயர்வுக்குப் பின் அவர் சம்பளம் ரூ.28,080. ஆண்டுக்கு ரூ.16,200 வீதம் ரூ.2,43,000. வேலையை விட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். பிந்தினால் வட்டி சேரும். இதை ஒதுக்கீடு என்று எழுதி வைத்தால் போதாது, டிசம்பருக்குள் பணமாகவே இருக்கவேண்டும். உங்கள் தொழிலில் தீபாவளிச் சரக்குக்கு மாவு, எண்ணெய், நெய் வாங்கிய கடன் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைபடும். அதனால் ஏப்ரலிலிருந்தே மாதம் ரூ.30,000 வீதம் தனியாக ஒரு தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். ஒன்பது மாதத்தில் இதுவும் அவருடைய லீவுப் பணமும் ஏறக்குறைய கைக்கு வந்துவிடும்.

மற்ற பதினைந்து பேரின் பழைய கடன் ரூ.8,35,385. இதை ஒரே ஆண்டில் பணமாக ஒதுக்கச் சொன்னால் நடக்காது. நான்கு ஆண்டுகளாகப் பிரித்து ஆண்டுக்கு ரூ.2,09,000 வைக்கலாம். இன்னொன்றும் உண்டு. பணத்தை நான்கு ஆண்டுகளில் ஒதுக்கினாலும், கடனை ஐந்தொகையில் முழுதாக இந்த ஆண்டே காட்டவேண்டும். அதனால் இந்த ஆண்டு லாபம் திடீரென்று விழும். வங்கியில் சி.சி. லிமிட் வைத்திருந்தால், புதுப்பிக்கப் போகும்முன் மேலாளரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

பணத்தை எங்கே வைப்பது என்பதில் வரி விஷயம் முக்கியம். கம்பெனிக் கணக்கிலேயே ‘கிராஜுவிட்டி ஒதுக்கீடு’ என்று எழுதினால் வருமான வரியில் கழிவு கிடைக்காது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கிடைக்கும். வருமான வரித் துறை ஏற்பளித்த கிராஜுவிட்டி அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தி, எல்.ஐ.சி. போன்ற நிறுவனத்தின் குழுத் திட்டத்தில் அதன் வழியே கட்டினால், கட்டிய ஆண்டிலேயே கழிவு உண்டு. ஆண்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு சம்பளத்தில் 8.33 சதவீதம், உங்களுக்கு அது சுமார் ரூ.2.74 லட்சம். நடப்பு ஆண்டின் ஒதுக்கீடு அதற்குள்ளேயே அடங்கும். பழைய சர்வீஸுக்கான தொடக்கக் கட்டணத்துக்குத் தனி வரம்பு உண்டு. நடுவில் ஒருவர் இறந்தால் மீதிச் சர்வீஸுக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஆயுள் காப்பீடும் இத்திட்டங்களோடு வரும். பணம் கம்பெனியின் கையை விட்டுப் போவதால், மற்றச் செலவுக்கு எடுத்துவிடும் ஆசையும் எழாது. அறக்கட்டளை வழியையே நான் பரிந்துரைப்பேன். ஏற்பு ஆணை வரச் சில மாதம் ஆகும், இப்போதே விண்ணப்பியுங்கள்.

இ.எஸ்.ஐ.க்குப் பதிலாகத் தனியார் பாலிசி

உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் இதில் தேர்வு உங்கள் கையில் இல்லை. இ.எஸ்.ஐ. நடைமுறையில் உள்ள இடத்தில் பத்துப் பேர் இருந்தால், மாதம் ரூ.21,000 வரை வாங்கும் ஒவ்வொருவரையும் சேர்த்தே ஆகவேண்டும். அந்தப் பத்துப் பேரை எண்ணும்போது மேல்சம்பளக்காரர்களையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். ஐந்து லட்ச ரூபாய்க்கு பாலிசி எடுத்துக் கொடுத்தாலும் இந்தக் கடமை தீராது. நாளைக்கு ஆய்வுக்கு வந்தால் பிரீமியம் ஒருபக்கம் போயிருக்கும், இ.எஸ்.ஐ. நிலுவை இன்னொரு பக்கம் வட்டி, அபராதத்தோடு நிற்கும். அப்போது தொழிலாளியின் பங்கையும் நீங்களே கட்டவேண்டும், ஏனென்றால் கழிந்துபோன மாதத்தின் பங்கை இனி வரும் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் விடாது.

தனியார் பாலிசி தராத சிலவும் இதில் உண்டு. உங்கள் அடுப்படியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேன்குழல் பிழியும்போது காய்ந்த எண்ணெய் கையில் கொட்டிவிட்டது, ஒன்றரை மாதம் வேலைக்கு வர முடியவில்லை என்று வையுங்கள். சாதாரண ஹெல்த் பாலிசி ஆஸ்பத்திரிச் செலவைத் தரும், அந்த ஒன்றரை மாதக் கூலியைத் தராது. இ.எஸ்.ஐ. சிகிச்சையோடு, வேலையில் ஏற்பட்ட காயத்துக்குக் கூலியில் 90 சதவீதம் தரும். சாதாரண நோய்க்கு 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆளைப் பதிவு செய்யாமல் விட்டு இப்படியொரு விபத்து நடந்தால், அந்தப் பலனின் மதிப்பை முதலாளியிடம் வசூலிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

செலவும் பெரிதில்லை. கம்பெனி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. உயர்வுக்குப் பின் தலா ரூ.15,120 என்றால் 13 பேருக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் ரூ.76,700. ஒருவர் நடுவில் 21,000-ஐத் தாண்டினால் உடனே நிறுத்திவிடாதீர்கள். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற தவணை முடியும்வரை கட்டவேண்டும். பதிவு செய்யும்போது, காரைக்குடி ஆட்கள் எந்த மருந்தகத்தில் காட்டவேண்டும், பெரிய சிகிச்சைக்கு எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு எழுதி, பேக்கிங் அறைச் சுவரில் ஒட்டுங்கள். அட்டை இருந்தும் போகுமிடம் தெரியாமல் கைக்காசு செலவழிப்பவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் நினைத்த தனியார் பாலிசியை அந்த மேல்சம்பள மூவருக்கு எடுங்கள். மூன்று பேருக்குக் குழு பாலிசி கிடைப்பது கடினம். கிடைத்தாலும் அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. அவரவர் பெயரில் குடும்ப பாலிசி எடுக்கச் சொல்லி, பிரீமியத்தைக் கம்பெனி வங்கி வழியே கட்டட்டும். குழு பாலிசி வேலையோடு முடிந்துவிடும், தன் பெயரிலுள்ளது கூடவே போகும். கணக்குப்பிள்ளைக்கு இதனால் பெரிய உதவி. முன்பே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை போகலாம், ஆகவே டிசம்பர் வரை காத்திராமல் இப்போதே எடுத்தால் அவருக்கு அந்தக் காலம் ஓடத் தொடங்கும். பிரீமியம் வயதைப் பொறுத்தது. மேற்கோள் வாங்கும்வரை குடும்பத்துக்கு ரூ.25,000 என்று வைத்து ரூ.75,000 எழுதிக்கொள்ளுங்கள், அவருடையது இதைவிடக் கூடும், மற்ற இருவருடையது குறையக் கூடும்.

லீவுப் பணமும் தீபாவளிப் பணமும்

இவை இரண்டும் வேறு வேறு. தீபாவளிக்குக் கொடுப்பது போனஸ். லீவுச் சம்பளம் ஆள் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்தது. ரசீதில் ‘போனஸ்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதுதான் லீவுக்கும் என்று சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் ஈட்டிய விடுப்பு. முன்பு இதற்கு ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்கவேண்டும், பணியிடப் பாதுகாப்பு குறித்த புதிய சட்டத் தொகுப்பில் 180 நாள் போதும். 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம்.

பட்ஜெட் போடுபவர்கள் இங்கே வேறொரு தவறு செய்வார்கள். ஆண்டுக்கு 14 நாள் லீவு, 16 பேர் என்று பெருக்கி முழுவதையும் செலவாக எழுதிவிடுவார்கள். ஆள் லீவு எடுத்த நாளுக்கான சம்பளம் மாதச் சம்பளத்திலேயே போய்விட்டது, அதை மறுபடி எழுதினால் இரட்டைக் கணக்கு. எடுக்காமல் சேர்ந்து நிற்கும் நாட்கள் மட்டுமே கடன். அதைத் தெரிந்துகொள்ள லீவுப் பதிவேடு வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் வருகைப் பதிவேட்டை வைத்து ஒவ்வொருவருக்கும் கட்டி, அவரிடமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். இதைக் கணக்குப்பிள்ளை இருக்கும்போதே முடிக்கவேண்டும். யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்பது பாதி ஏட்டில் இருக்கும், மீதி அவர் நினைவில்தான் இருக்கும்.

உதாரணத்துக்கு, பதினைந்து பேருக்கும் சராசரியாக 18 நாள் சேர்ந்திருப்பதாகவும், வருகிற ஆண்டில் இன்னும் 5 நாள் கூடுவதாகவும் வைப்போம். இப்போதைய கடன் ரூ.1,57,846, ஆண்டு இறுதியில் உயர்ந்த சம்பளத்தில் 23 நாளுக்கு ரூ.2,17,828. ஒதுக்கவேண்டியது ரூ.60,000. இங்கும் சம்பள உயர்வு பழைய நாட்களையும் சேர்த்து ஏற்றுகிறது என்பதைப் பாருங்கள். லீவு எடுக்கச் சொல்வதுதான் இதைக் குறைக்கும் நேர்மையான வழி. தீபாவளி, கல்யாண ஆர்டர்களெல்லாம் ஓய்ந்த மார்கழியில் முறைவைத்து அனுப்புங்கள். கணக்குப்பிள்ளைக்கு 30 நாள் நிற்குமானால் ரூ.32,400, இதையும் அவர் ஓய்வு பெறும்போதே தீர்த்துவிடுங்கள். லீவுச் சம்பளத்துக்குக் கொடுத்த பிறகுதான் வரிக் கழிவு என்பதால், இந்த ஒதுக்கீட்டைக் கம்பெனி பெயரில் வைப்புத்தொகையாக வைத்தால் போதும்.

பட்ஜெட்டில் எழுதவேண்டியது

இ.எஸ்.ஐ. ரூ.76,700, மூவரின் பாலிசி ரூ.75,000, பதினைந்து பேருக்கு நடப்பு ஆண்டுக் கிராஜுவிட்டி ரூ.2,08,900, லீவு ஒதுக்கீடு ரூ.60,000. இந்த நான்கும் ஆண்டுதோறும் வரும் செலவு, கூட்டினால் ரூ.4.2 லட்சம், உயர்வுக்குப் பின்னான உங்கள் ஆண்டுச் சம்பளம் 32.9 லட்சத்தில் சுமார் 13 சதவீதம். பலகாரத்துக்கு விலை வைக்கும்போது கூலியின் மேல் இந்தப் 13 சதவீதத்தையும் ஏற்றிக் கணக்கிடுங்கள். இதற்கு மேல் இந்த ஆண்டுக்கு மட்டும் கணக்குப்பிள்ளைக்கு ரூ.2,75,400, பழைய கடனின் முதல் தவணை ரூ.2,09,000. எல்லாம் சேர்த்து ரூ.9.05 லட்சம் வரை வேண்டியிருக்கும். அவர் இடத்துக்கு வருபவரின் சம்பளம், இ.எஸ்.ஐ. பழைய நிலுவை இரண்டும் இதில் இல்லை.

ஒன்பது லட்சம் முடியாது என்றால், பழைய கடனின் தவணையை நான்கிலிருந்து ஆறு ஆண்டாக நீட்டுங்கள், ஆண்டுக்கு ரூ.1.39 லட்சமாக இறங்கும். நடப்பு ஆண்டுக்கானதை மட்டும் குறைக்காதீர்கள், குறைத்தால் அடுத்த உயர்வில் அதுவும் பழைய கடனாகித் திரும்பி வரும். உங்கள் ஆறு பத்து வருட ஆட்களில் இருவர் ஒரே ஆண்டில் விலகினாலும் சமாளிக்க, அறக்கட்டளையிலோ வைப்பிலோ ரூ.2 லட்சமாவது எப்போதும் நிற்கட்டும். இருபதாவது ஆளை எடுக்கும்முன் பி.எஃப். செலவையும் போட்டுப் பார்த்துவிடுங்கள், அந்த எண்ணிக்கையில் அது கட்டாயமாகிறது. 16 பேரிடமும் கிராஜுவிட்டிக்கான வாரிசு நியமனப் படிவம் இந்த மாதமே வாங்கி, ஒரு பிரதியைக் கையெழுத்திட்டு அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.